அண்ணனுக்கும் எம்... தங்கைக்கும் எம்மா? யுனிசெக்ஸ் டி-ஷர்ட் வாங்கும் முன் டேப்பைக் கையில் எடுங்க!

போன வருஷம் குடும்பத்தோடு ஏற்காடு போகலாம் என்று முடிவானதும், எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ரூம் பற்றியோ வண்டி பற்றியோ யாரும் முதலில் பேசவில்லை. எல்லாருக்கும் ஒரே கலரில், முதுகில் குடும்பப் பெயர் போட்ட டி-ஷர்ட் வேண்டும் என்பதுதான் முதல் தீர்மானம். 14 பேர். 'யுனிசெக்ஸ், ரவுண்ட் நெக், ஆண் பெண் இருவருக்கும் ஒரே கட்' என்றார் கடைக்காரர். சைஸை மட்டும் சொல்லுங்க என்று குரூப்பில் கேட்டேன். சித்தப்பா 'எல்' என்றார். தம்பி 'எம்' என்றான். சித்தி மகள், எனக்கு அக்கா முறை, அவரும் 'எம்' என்றார். வருஷக்கணக்கில் எம் சைஸ் குர்த்திதான் போடுகிறார், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

டி-ஷர்ட் வந்தது. தம்பிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அக்காவுக்கோ ஷோல்டர் தையல் கையில் இறங்கித் தொங்க, கை முழங்கையைத் தொட, கீழே மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் மடிப்பு மடிப்பாக ஏறி நின்றது. ஒரே துணி மேலே பெரிசு, கீழே சிறிசு. பிரின்ட் போட்ட உருப்படிக்கு ரிட்டர்ன் கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். 'நான் வெயிட் போட்டுட்டேன்போல' என்றார் அக்கா. இல்லக்கா. வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்களும் யுனிசெக்ஸ் டிரெஸ் வாங்கிக் கண்ணாடி முன்னாடி நின்று இப்படி நினைத்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எம் என்பது ஓர் அளவே அல்ல

எஸ், எம், எல் என்பதெல்லாம் அந்தந்தக் கம்பெனி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். பல கடைகளில் பெண்களுக்கான எம் குர்த்தி என்றால் 38. ஆண்களுக்கான எம் சட்டை என்றால் 40. எழுத்து ஒன்றுதான், அளவில் இரண்டு இன்ச் வித்தியாசம். யுனிசெக்ஸ் என்று எழுதியிருக்கும் டி-ஷர்ட்டில் பெரும்பாலும் இருப்பது ஆண்களின் எம்தான். ஏனென்றால் ஆண்களுக்காக வெட்டிய பேட்டர்னையே எடுத்து, கீழே எக்ஸ்எஸ் வரை சிறிதாக்கிவிட்டு 'யுனிசெக்ஸ்' என்று லேபிள் ஒட்டுவதுதான் பொதுவான வழக்கம். இரண்டு உடம்பையும் கணக்கில் எடுத்துப் புதிதாகப் பேட்டர்ன் போடுகிறவர்கள் குறைவு.

இந்த இரண்டு கணக்கும் தனித்தனியாகப் பிறந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1861-65 உள்நாட்டுப் போரின்போது ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்களுக்கு அவசரமாகச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஆள் அளவெடுக்க நேரமில்லை. மார்பளவை வைத்து மற்ற அளவுகளை ஊகிக்கும் ஒரு முறை அப்போது வலுப்பட்டது. ஆணின் சட்டை, கோட் இரண்டும் இன்றுவரை அந்த வழியில்தான் போகின்றன. மார்பு இத்தனை என்றால் ஷோல்டர் இத்தனை இருக்கும், கை இத்தனை இருக்கும் என்ற ஊகம் ஓரளவு வேலை செய்கிறது.

பெண்கள் உடைக்கும் அதேபோல் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க, 1939-40ல் அமெரிக்க விவசாயத்துறை ஒரு பெரிய முயற்சி எடுத்தது. சுமார் 15,000 பெண்களிடம், ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள் எடுத்தார்கள். ஒரே மார்பளவுள்ள பெண்களின் இடுப்பும் பின்புறமும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்ததுதான் பெரிய தலைவலி. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் சேர்த்தது அந்த ஆய்வின் இன்னொரு பெரிய ஓட்டை. அதை அடிப்படையாக வைத்து 1958ல் ஒரு தர அளவு வெளியிட்டு, 1983ல் அதையும் அரசு விலக்கிக்கொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு பிராண்டும் தன் வாடிக்கையாளர் யார் என்று பார்த்து தன் அளவைத் தானே வைத்துக்கொண்டது. நம் நாட்டிலும் இந்திய உடம்புக்கென்று சைஸ் உருவாக்க, நிஃப்ட் நிறுவனம் 3டி ஸ்கேனர் வைத்து ஆயிரக்கணக்கானவர்களை அளந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இன்றைக்கு வாங்கும் டி-ஷர்ட்டின் லேபிள் என்னவோ பழைய கதைதான்.

சுற்றளவு ஒன்று, பங்கீடு வேறு

மார்பளவு 38 உள்ள ஓர் ஆணையும், 38 உள்ள ஒரு பெண்ணையும் பக்கத்தில் நிறுத்துங்கள். டேப் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் அந்த 38 எங்கே இருக்கிறது? ஆணுக்கு முதுகிலும் ஷோல்டரிலும் அகலமாகப் பரவியிருக்கும். பெண்ணுக்கு முதுகு குறுகலாக இருந்து, சுற்றளவின் பெரும்பங்கு முன்பக்கம் வந்துவிடும். ஆணுக்காக வெட்டிய சட்டையைப் பெண் போட்டால் முதுகில் துணி தொளதொள, முன்னால் பட்டன் இழுப்பு என்று ஒரே நேரத்தில் இரண்டு புகாரும் வருவது இதனால்தான்.

பெண்கள் சட்டையில் அக்குளுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ சின்னதாக ஒரு மடிப்புத் தையல் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுதான் டார்ட். தட்டையான துணியை முன்பக்கம் புடைக்க வைப்பது அந்தச் சின்னத் தையல்தான். யுனிசெக்ஸ் சட்டையில் அது இருக்காது. டி-ஷர்ட் துணி இழுபடும் என்பதால் டார்ட் இல்லாமல் சமாளித்துவிடும். காட்டன், லினன் சட்டைத் துணி சமாளிக்காது. இதைக் கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். முன்பக்கத்து விளிம்பு பின்பக்கத்தைவிட மேலே ஏறி நிற்கிறதா? மார்பிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடுகிறதா? அப்படியென்றால் உங்கள் முன்பக்கத்துக்குத் துணி போதவில்லை. ஒரு சைஸ் ஏறினால் பட்டன் இழுப்பு நிற்கும், ஆனால் ஷோல்டர் இன்னும் கீழே இறங்கும். அந்தச் சட்டையைப் பட்டன் திறந்துவிட்டு உள்ளே ஒரு பனியனோடு போடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள் என்பது என் கருத்து.

அடுத்தது பின்புறம். இடுப்புக்குக் கீழே, மிகப் பருத்த இடத்தைச் சுற்றி எடுக்கும் அளவை டெய்லர்கள் 'சீட்' என்பார்கள். ஆண்களில் பலருக்கு மார்பும் சீட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், அல்லது சீட் கொஞ்சம் குறைவாக இருக்கும். பெண்களில் பலருக்கு சீட்தான் பெரிய எண். யுனிசெக்ஸ் டி-ஷர்ட்டோ மேலிருந்து கீழே வரை நேர்க்குழாய். மார்பில் 40 என்றால் கீழ் விளிம்பிலும் 40. விலை குறைந்த ரவுண்ட் நெக்குகளில் பலவற்றில் பக்கத் தையலே இருக்காது. துணியையே குழாயாகப் பின்னி, அப்படியே வெட்டிக் கையும் கழுத்தும் வைத்துவிடுவார்கள்.

அக்காவுக்கு என்ன ஆனது?

டூர் முடிந்து வந்ததும் அக்காவை நிற்க வைத்து டேப் போட்டேன். மார்பு 36, இடுப்பு 31, சீட் 41, ஷோல்டர் பின்னால் எலும்பிலிருந்து எலும்புக்கு பதினாலரை. அந்த எம் டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து அளந்தால் மார்பு 40, கீழ் விளிம்பும் 40, ஷோல்டர் 18, நீளம் 28.

இனி எல்லாம் கூட்டல் கழித்தல்தான். மார்பில் 4 இன்ச் மிச்சம், நல்ல தளர்வு. ஷோல்டரில் மூன்றரை இன்ச் மிச்சம். பக்கத்துக்கு ஒன்றே முக்கால் இன்ச் கையில் இறங்கும். அப்படியேதான் இறங்கியிருந்தது. 28 இன்ச் நீளம் அவர் உயரத்துக்குச் சீட்டைத் தாண்டிப் போகிறது. அங்கே உடம்பு 41, துணி 40. ஒரு இன்ச் பற்றாக்குறை. துணி இழுபட்டு உள்ளே போய்விடும்தான். ஆனால் நடந்தால் மேலே ஏறி, எங்கே இடம் இருக்கிறதோ அந்த 31 இன்ச் இடுப்பில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியென்றால் எம் குர்த்தி மட்டும் எப்படி அவருக்கு இத்தனை வருஷம் சரியாக இருந்தது? அதற்குப் பதில் ஸ்லிட். குர்த்தியில் இடுப்புப் பக்கத்திலேயே இரண்டு பக்கமும் திறந்துவிடுகிறார்கள். சீட் 38 ஆக இருந்தாலும் 43 ஆக இருந்தாலும் துணி பிரிந்து வழிவிடும். அதனால்தான் குர்த்தியை மார்பளவு ஒன்றை மட்டும் வைத்து நாம் வாங்கிப் பழகிவிட்டோம். தன் சீட் அளவு என்ன என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா அந்த டி-ஷர்ட்டை வீசவில்லை. அதில் பக்கத் தையல் இருந்தது. எங்கள் தெரு டெய்லர் இரண்டு பக்கமும் கீழேயிருந்து நாலு இன்ச் தையலைப் பிரித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தார். குர்த்தி செய்கிற அதே வேலையை டி-ஷர்ட்டும் செய்ய ஆரம்பித்துவிட்டது. பக்கத் தையல் இல்லாத குழாய்த் துணியில் இதைச் செய்தால், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். பட்டி வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும்.

வாங்கும் முன் 5 நிமிடம்

உங்கள் உடம்பை அளப்பதைவிட, உங்களுக்குப் பிடித்துப்போன ஒரு டி-ஷர்ட்டை அளப்பது நம்பகமானது. உடம்பில் டேப் வைத்ததும் நாம் மூச்சை இழுத்துக்கொள்வோம், துணி அப்படிச் செய்யாது. அலமாரியில் அடிக்கடி எடுத்துப் போடும் ஒன்றைத் தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே, ஒரு பக்க விளிம்பிலிருந்து மறு பக்க விளிம்பு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது மார்பு. கீழ் விளிம்பையும் அதேபோல் அளந்து பெருக்குங்கள். ஷோல்டர் தையலிலிருந்து அடுத்த ஷோல்டர் தையல் வரை பின்பக்கம் ஒரு அளவு. கழுத்தை ஒட்டிய உச்சியிலிருந்து கீழே வரை நீளம். இந்த நாலையும் போனில் சேமித்து வையுங்கள்.

அடுத்து ஆன்லைன் சைஸ் சார்ட். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சார்ட்டில் உடம்பின் அளவைப் போட்டிருக்கிறார்களா, துணியின் அளவைப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். '40' என்பது உடம்பளவு என்றால் துணி 43, 44 இருக்கும். துணியின் அளவு என்றால் அது 36, 37 மார்புள்ளவருக்கான டி-ஷர்ட். சில தளங்களில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். எதுவுமே சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டிருந்தால், கேள்வி பதில் பகுதியில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரிட்டர்ன் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். துணியின் அளவு தெரிந்துவிட்டால் உங்கள் போனில் இருக்கும் நாலு எண்களோடு நேராக ஒப்பிடலாம்.

எவ்வளவு தளர்வு வேண்டும்? உடம்போடு ஒட்டும் டி-ஷர்ட்டுக்கு மார்பளவைவிட ஒன்றிரண்டு இன்ச் கூடுதல் போதும். சாதாரண ஃபிட் என்றால் 3, 4 இன்ச். இழுபடாத சட்டைத் துணிக்கு 4க்குக் குறையக் கூடாது. முக்கியமான விஷயம், இந்தக் கூடுதலை உங்கள் மார்போடு மட்டும் பார்க்காதீர்கள். அந்த உடை எங்கெங்கே உடம்பை மூடுகிறதோ அங்கே இருக்கும் பெரிய அளவோடு பாருங்கள். நீளம் சீட்டைத் தாண்டுமானால் சீட்டைவிடக் குறைந்தது ஒரு இன்ச்சாவது விளிம்பு கூடுதலாக இருக்க வேண்டும். சீட்டுக்கு மேலேயே நின்றுவிடும் குட்டை டி-ஷர்ட் என்றால் சீட் கணக்கே வேண்டாம்.

இப்போது அக்காவுக்கு மறுபடி கணக்குப் போடலாம். அதே கடையின் எல் சைஸில் விளிம்பு 42. அது சீட்டுக்குப் போதும், ஷோல்டர்தான் இன்னும் அரை இன்ச் இறங்கும். ஆனால் அதே கடையில் 'ஓவர்சைஸ்' என்று ஒரு மாடல் இருந்தது. அதன் எஸ் சைஸிலேயே மார்பும் விளிம்பும் 42! ஓவர்சைஸில் ஷோல்டர் தையல் இறங்கி நிற்பதுதான் டிசைனே என்பதால், அங்கே ஷோல்டர் அளவைப் பார்த்துக் கவலைப்படவும் தேவையில்லை. ஆக, ஒரே பெண்ணுக்குக் குர்த்தியில் எம், சாதாரண யுனிசெக்ஸில் எல், ஓவர்சைஸில் எஸ். இதற்கு மேலும் அந்த எழுத்தைப் பார்த்து உடம்பைத் திட்டிக்கொள்ளணுமா, சொல்லுங்க.

நூறு சதவிகித காட்டன் என்றால் துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் நல்ல ஆர்டர்களுக்குத் துணியை வெட்டும் முன்பே 'காம்பேக்டிங்' செய்து சுருக்கத்தைக் குறைத்துவிடுவார்கள். அது செய்யாத துணி 5 சதவிகிதம்கூடச் சுருங்கலாம். 28 இன்ச் நீளத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச். நீளம் சரியாக நிற்கும் இடம் முக்கியம் என்று நினைப்பவர்கள், முதல் துவையலுக்கு முன்பு டெய்லரிடம் கொண்டுபோகாதீர்கள்.

ஆண்கள் பெண்கள் பக்கம் போனால்?

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் பெண்கள் பிரிவில் இருக்கும் கலர்களுக்காக அங்கே எட்டிப் பார்க்கும் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். ஒல்லியாக, மார்பு 34, 35 உள்ளவர்களுக்கு ஆண்கள் பிரிவில் எஸ் சைஸே கூடாரம் மாதிரி இருக்கும். பெண்கள் எல் அழகாக நிற்கும். என் தம்பிக்கு மார்பு 38, ஷோல்டர் பதினேழரை. அவன் பெண்கள் எக்ஸ்எல் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். மார்பில் இடம் இருந்தது. ஆனால் ஷோல்டர் பதினைந்தரைதான், கை தூக்க முடியவில்லை. நீளமும் 25ல் நின்றுவிட்டது. ஒரு சைஸ் ஏறினாலும் ஷோல்டர் அரை இன்ச்தான் கூடும். ஆகவே ஆண்கள் இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஷோல்டரும் அக்குள் பகுதியும்தான். டார்ட் உள்ள சட்டை என்றால் விட்டுவிடுங்கள். முன்னால் காலியாகப் புடைத்து நிற்கும். டி-ஷர்ட், ஸ்வெட்டர், ஹூடி மாதிரி இழுபடும் துணியில் முயற்சி செய்யலாம். பட்டன் இடம் வலம் மாறியிருக்கும், அது இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

பொதுவாக ஷோல்டரை வெட்டிச் சரிசெய்வது கையைப் பிரித்து மறுபடி வைக்கிற வேலை. டி-ஷர்ட் விலைக்கு அது கட்டுப்படியாகாது. நீளம் குறைப்பது, பக்கம் பிடிப்பது, ஸ்லிட் வைப்பது எல்லாம் அரை மணி நேர வேலை. எதை டெய்லர் எளிதில் சரிசெய்ய முடியாதோ, அது பொருந்துகிற சைஸை வாங்குங்கள். ஷோல்டர் தையல் இறங்கினாலும் போட்டுக்கொள்ளலாம். ஏறிவிட்டால் அது தம்பியின் கதைதான்.

பேன்ட், ஷூ

பேன்ட்டில் கதை தலைகீழ். ஆண்கள் பேன்ட்டில் இடுப்புக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் குறைவாக வைத்து வெட்டுவார்கள். பெண்கள் போட்டால் சீட்டுக்குச் சரியாக இருக்கும் பேன்ட், பின் இடுப்பில் கை நுழைகிற அளவு வாயைப் பிளக்கும். சீட்டுக்கு வாங்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. ஆண்கள் ஃபார்மல் பேன்ட்டில் பின் நடுத்தையல் இடுப்புப் பட்டி வரை ஓடுவதால் டெய்லருக்கு இது சுலபம்; ஜீன்ஸில் பட்டி ஒரே துண்டாக இருக்கும், செலவு கூடும். எலாஸ்டிக்கும் நாடாவும் வைத்த யுனிசெக்ஸ் கார்கோ என்றால் சீட், தொடை இரண்டையும் மட்டும் பாருங்கள், போதும்.

ஷூவில் நமக்கு ஒரு வசதி. இந்தியாவில் அதிகம் புழங்கும் யு.கே. எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் பெட்டியில் யு.எஸ். எண் இருந்தால் கவனம்: அங்கே பெண்கள் எண் ஆண்கள் எண்ணைவிடச் சுமார் ஒன்றரை கூடுதல். ஆண்கள் 7 என்றால் பெண்கள் எட்டரை. குழப்பமாக இருந்தால் பாதத்தைப் பேப்பரில் வைத்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை சென்டிமீட்டரில் அளந்து, பெட்டியில் இருக்கும் சென்டிமீட்டர் எண்ணைப் பாருங்கள். யுனிசெக்ஸ் ஷூவில் நீளம் சரியாக இருந்தும் குதிகால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால், அது ஆண்கள் அகலத்தில் செய்தது. சிறிய எண்ணுக்குப் போகாதீர்கள், விரல் இடிக்கும். லேஸை மேல் ஓட்டை வரை இழுத்துக் கட்டிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் வேறு மாடல்.

இந்த வருஷம் எங்கள் குரூப்பில் மறுபடியும் டி-ஷர்ட் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. இந்தமுறை யாரையும் நான் சைஸ் கேட்கவில்லை. 'எல்லாரும் மார்பு, சீட், ஷோல்டர் மூணையும் இன்ச்ல அனுப்புங்க' என்று போட்டிருக்கிறேன். சித்தப்பா மட்டும் இன்னும் 'எல்' என்றே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.